இன்டர்ன்ஷிப் அறிக்கையைக் கிரெடிட் கிடைக்கும்படி எழுதுவது எப்படி? நூற்பாலையில் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் அறிக்கைக்கு என்று நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தாம்: பக்க அளவும் எழுத்தளவும் சொல்லும் ஒரு தாள், மூத்த மாணவர் ஒருவரின் பழைய அறிக்கை. அந்தத் தாள் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று சொல்லாது. பழைய அறிக்கையைத் திறந்தால் பாதிப் பக்கங்கள் நிறுவனத்தின் வரலாறு, மீதி பாடப்புத்தகத்தில் உள்ள செய்முறை விளக்கம். அதைப் பார்த்து எழுதுபவர்கள் வாய்மொழித் தேர்வில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டதை அடுத்து வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன் என்பதால் கோவைப் பகுதி நூற்பாலை ஒன்றில் எடுத்த பயிற்சியை உதாரணமாகக் கொள்கிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் படிவங்களின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் உங்கள் ஒழுங்குமுறையை வாங்கிப் படியுங்கள்

எத்தனை வாரத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதில்தான் முதல் குழப்பம் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி 2 வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2 கிரெடிட். ஒரு வாரம் என்பது 40 மணி நேரம். ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலோ 40 முதல் 45 மணி நேர வேலையை 1 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. அதாவது ஒரே பயிற்சி ஒரு கணக்கில் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கிரெடிட் ஆகிவிடும். நண்பர் வேறு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறையைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, இன்டர்ன்ஷிப் பற்றிய பத்தியை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பத்தியில் மதிப்பீடு எப்படி என்பதும் இருக்கும். இணைப்புக் கல்லூரிகளில் இது முழுக்க உள்மதிப்பீடு: 100 மதிப்பெண். நிறுவனம் தரும் வருகைச் சான்றிதழையும் சுருக்கமான அறிக்கையையும் நீங்கள் ஒப்படைக்க வேண்டும். துறைக் குழு வாய்மொழித் தேர்வு நடத்தும். அந்தப் பத்தி கேட்பது சுருக்கமான அறிக்கை. 90 பக்கம் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 4 வாரப் பயிற்சிக்கு இணைப்புகள் உட்பட 35 முதல் 45 பக்கம் போதும்.

## 2. ஆலையை விட்டு வெளியே வருவதற்குள் வாங்க வேண்டிய காகிதங்கள்

அறிக்கையை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம், கையெழுத்தை அப்படி வாங்க முடியாது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கேட்கத் தொடங்குங்கள். ஸ்பின்னிங் மாஸ்டர் விடுப்பில் போய்விடுவார், மனிதவள அலுவலர் மாறிவிடுவார், முத்திரை தலைமை அலுவலகத்தில் இருக்கும். ஒரு சான்றிதழுக்காக மறுபடி ஊரிலிருந்து கோவைக்கு வந்துபோவது பணமும் நாளும் விழுங்கும் வேலை.

வாங்க வேண்டியவை நான்கு. சேர்க்கை அனுமதிக் கடிதம். தேதிவாரியான வருகைப் பதிவு. நிறுவனத்தின் முகவரித் தாளில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்ட நிறைவுச் சான்றிதழ். உங்களை மேற்பார்த்தவர் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவம். இந்தப் படிவம் கல்லூரியிலேயே கிடைக்கும். போகும்போதே இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரும் முதலெழுத்தும் கல்லூரிப் பதிவில் உள்ளபடி இருக்கிறதா, பதிவெண் சரியா, தேதிகள் வருகைப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தேர்வாளர்கள் முதலில் ஒப்பிடுவது இந்தத் தேதிகளைத்தான். பல ஆலைகளில் வார விடுமுறை ஞாயிறாக இருக்காது. நாட்குறிப்பில் வழக்கம்போல் ஞாயிறை விடுமுறை என்று போட்டு, வருகைப் பதிவில் அன்று வேலை செய்ததாக இருந்தால், நாட்குறிப்பு முழுவதும் பின்னால் உட்கார்ந்து எழுதியது என்ற சந்தேகம் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடும்.

## 3. நாட்குறிப்பு எழுதும் முறை

ஏ.ஐ.சி.டி.இ. வழிகாட்டுதல் நாட்குறிப்பைத் தனியாக மதிப்பிடச் சொல்கிறது. தினமும் எழுதப்பட்டதா, பதிவு செய்த தகவல் போதுமானதா, வரைபடமும் அளவுகளும் உண்டா, சிந்தித்தது தெரிகிறதா என்பவையே அளவுகோல்கள். "இன்று கார்டிங் பிரிவைப் பார்வையிட்டேன், பல விஷயங்கள் கற்றுக்கொண்டேன்" என்ற வரி இதில் எதற்கும் பதில் சொல்லாது.

ஒரு நாளுக்கு ஐந்து வரி போதும். ஆனால் எந்த ஷிப்ட், எந்த இயந்திரம், எந்த நம்பர் நூல், என்ன அளந்தேன், யாரிடம் என்ன கேட்டேன் என்பவை அதில் இருக்கட்டும். புரியாத ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள். "7-ஆம் இயந்திரத்தில் ஒரே இடத்தில் சைடர் திரும்பத் திரும்ப இழை இணைக்கிறார், ஏன்?" என்று இரண்டாம் நாளில் எழுதிய கேள்விதான் பின்னால் உங்கள் அறிக்கையின் உயிர் அத்தியாயமாக மாறும். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரின் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாளில் எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில் ஒரே சாய்வில் போட்ட கையெழுத்துகள் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

## 4. அத்தியாயங்களின் அமைப்பு

முன்பக்கங்களில் யோசிக்க எதுவும் இல்லை. முகப்பு, போனஃபைடு சான்றிதழ், நிறுவனச் சான்றிதழ், நன்றியுரை, சுருக்கம், பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், படப் பட்டியல். இவற்றுக்கு ரோமன் எண்களும், முதல் அத்தியாயத்திலிருந்து வழக்கமான எண்களும் வரும். பைண்டிங் வரும் இடப்பக்க ஓரத்துக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் விடுங்கள். இதைக் கவனிக்காமல் அச்சிட்டால் வரிகளின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும்.

உள்ளே ஐந்து அத்தியாயங்கள் போதும்.

முதல் அத்தியாயம் நிறுவனம். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிறுவனர் யார், எந்த ஆண்டு தொடங்கியது என்பதற்கு ஒரு பத்தி. எத்தனை ஸ்பிண்டில், எந்த நம்பர் நூல்கள், எத்தனை ஷிப்ட், நான் எந்தப் பிரிவில் யாருக்குக் கீழ் இருந்தேன் என்பதற்கு மீதி இடம்.

இரண்டாவது, செய்முறை. இங்குதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ரிங் பிரேம் என்று பாடப்புத்தகத்தை அப்படியே இறக்குகிறார்கள். அந்தப் புத்தகத்தை நடத்தியவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்த ஆலையில் புத்தகத்திலிருந்து மாறுபட்டு என்ன நடக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். ஒரு பாய்வு வரைபடமும், நீங்கள் நின்ற பிரிவைப் பற்றி இரண்டு பக்கமும் போதும்.

மூன்றாவது, நான் செய்த வேலை. வாரவாரியாக, நாட்குறிப்பிலிருந்து. நான்காவது, ஒரு சிறு ஆய்வு. ஐந்தாவது, கற்றதும் பரிந்துரையும். இணைப்பில் மூலப் பதிவுத் தாள்களும் நாட்குறிப்பின் நகலும் வரும்.

எழுதும்போது இந்த வரிசையில் போகாதீர்கள். நான்காம் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். அது முடிந்தால் இரண்டாவதில் எந்த விளக்கம் தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

## 5. நான்காம் அத்தியாயம்: ஒரு கேள்வியை முழுதாக எடுத்துச் செல்வது

தேர்வாளர்கள் அறிக்கையைப் புரட்டும்போது இந்த அத்தியாயத்தில்தான் நிற்கிறார்கள். நேரில் நின்று அளந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஏதாவது இங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேள்வி சிறியதாக இருக்கலாம், சிறியதாகவே இருக்க வேண்டும். "ஆலையின் உற்பத்தித் திறனை உயர்த்துதல்" என்று தலைப்பு வைத்தால் நான்கு வாரத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது. "ஒரு ரிங் பிரேமில் இழை அறுபடுவதில் குறிப்பிட்ட சில ஸ்பிண்டில்களின் பங்கு என்ன?" என்பது முடிக்கக்கூடிய கேள்வி.

அதை மாதிரிக்காக எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

1,008 ஸ்பிண்டில் உள்ள ஓர் இயந்திரம், 40-ஆம் நம்பர் நூல். டாஃபிங் முடிந்து வெற்றுக் குழல் மாட்டியதிலிருந்து அடுத்த டாஃபிங் வரை 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படி மூன்று முழுச் சுற்றுகள் இயந்திரத்தின் கூடவே நடந்து, இழை அறுபடும் ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டில் எண்ணையும் நேரத்தையும் குறிக்கிறீர்கள். முதல் சுற்றில் 79, இரண்டாவதில் 91, மூன்றாவதில் 82. மொத்தம் 252.

இதை ஆலைகள் பேசும் அளவுக்கு மாற்ற வேண்டும். அறுபடல் விகிதத்தை 100 ஸ்பிண்டில்-மணிக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள்.

விகிதம் = (அறுபட்ட எண்ணிக்கை × 100) ÷ (ஸ்பிண்டில் எண்ணிக்கை × மணி நேரம்)

252 × 100-ஐ 1,008 × 6 ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. பெரும்பாலான மாணவர்கள் இங்கே நிறுத்தி, "ஈரப்பதத்தைச் சரியாகப் பராமரிக்க வேண்டும்" என்று பொதுவாக ஒரு பரிந்துரை எழுதி முடித்துவிடுகிறார்கள். உங்களிடம் ஸ்பிண்டில் எண் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

எண்வாரியாக அடுக்கிப் பார்த்தால் 9 ஸ்பிண்டில்கள் மட்டும் 61 முறை அறுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று கூட இல்லாத ஸ்பிண்டில்கள், மொத்த அறுபடலில் ஏறக்குறைய கால் பங்கு. அவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் மீதி 999 ஸ்பிண்டில்களுக்கு 191 அறுபடல், விகிதம் 3.2. அதாவது பஞ்சையோ வேகத்தையோ தொடாமல், ஒன்பது இடத்தைச் சரிசெய்தாலே 4.2 என்பது 3.2-ஐ நெருங்க வாய்ப்பு உண்டு. இதுதான் அத்தியாயத்தின் மையம். திரும்பத் திரும்ப அறும் இடம் என்றால் காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது என்று பொருள். ஏப்ரன் தேய்ந்திருக்கலாம், டாப் ரோலரில் வெட்டு இருக்கலாம், ஸ்பிண்டில் ரிங்கின் நடுவில் இல்லாமல் விலகியிருக்கலாம், டிராவலர் தேய்ந்திருக்கலாம். பராமரிப்புப் பிரிவோடு போய் ஒன்பதையும் பார்த்து, எதில் என்ன குறை என்று ஓர் அட்டவணை போடுங்கள்.

சரிசெய்த பிறகு மறுபடி ஒரு முழுச் சுற்று எண்ணுகிறீர்கள். 66 அறுபடல், விகிதம் 3.3. இங்கே மிகவும் கவனமாக எழுத வேண்டும். "அறுபடல் 21 சதவீதம் குறைக்கப்பட்டது" என்று தடித்த எழுத்தில் போட ஆசை வரும். போடாதீர்கள். முதல் மூன்று சுற்றுகளே தனித்தனியாகப் பார்த்தால் 3.9, 4.5, 4.1 என்று மாறியிருக்கின்றன. பின்னால் எண்ணியதோ ஒரே ஒரு சுற்று. "கணக்கில் எதிர்பார்த்த 3.2-ஐ ஒட்டி 3.3 கிடைத்தது, முன்பு எண்ணிய எந்தச் சுற்றையும்விட இது குறைவு, ஆனால் உறுதிசெய்ய மேலும் சில சுற்றுகள் எண்ண வேண்டும்" என்று எழுதினால் அது நேர்மையான முடிவு. தேர்வாளர்கள் மதிப்பெண் கொடுப்பது இந்த வாக்கியத்துக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு பொறியும் இதே கணக்கில் உண்டு. இழை அறுபடுவது சுற்று முழுவதும் ஒரே அளவில் இருக்காது. டாஃபிங் முடிந்து குழலின் அடிப்பகுதி கட்டும்போது பலூன் பெரிதாக இருக்கும், இழுவிசை கூடும், அறுபடலும் கூடும். சரிசெய்வதற்கு முன் டாஃபிங் முடிந்த உடனேயும், சரிசெய்த பின் சுற்றின் நடுவிலும் ஒரு மணி நேரம் எண்ணினால், ஒன்றும் செய்யாமலே விகிதம் குறைந்ததுபோல் தெரியும். நூற்பு தெரிந்த தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கட்டத்தில் எண்ணினீர்கள்?" என்பதே. அதனால்தான் முழுச் சுற்றாக எண்ணச் சொன்னேன். இரண்டு முறையும் அதே நூல் நம்பரா, அதே பஞ்சுக் கலவையா, அதே வேகமா, கூடத்தின் ஈரப்பதம் எவ்வளவு என்பவற்றையும் ஒரு சிறு அட்டவணையில் போடுங்கள். ஈரப்பதம் குறைந்த நாளில் அறுபடல் கூடும். அந்த எண் இல்லாமல் ஒப்பீடு நிற்காது.

மற்றத் துறை மாணவர்களுக்கும் வழி இதேதான். எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள், இடம்வாரியாகவோ நேரம்வாரியாகவோ பிரியுங்கள், பிரித்ததில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்.

## 6. ஆலையின் ரகசியம்

வாடிக்கையாளர் பெயர், விலை, முழு உற்பத்தி எண்கள் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் அச்சிடக் கூடாது. பல ஆலைகளில் கூடத்துக்குள் கைப்பேசியே கூடாது. படம் தேவை என்றால் கையால் வரைந்து கொள்ளுங்கள். தேர்வாளர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை, இணையத்தில் எடுத்த படத்தைவிட அது எவ்வளவோ மேல். வரைவை மேற்பார்வையாளருக்கு அனுப்பி, வெளியிடத் தடையில்லை என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர் படிக்க ஒரு வாரமாவது ஆகும். எண் கொடுக்கத் தயங்கினால், முதல் சுற்றை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுக் காட்டலாம். இயந்திர எண்ணுக்குப் பதில் இயந்திரம் 1, 2 என்று போடலாம்.

## 7. ஒற்றுமைச் சோதனை, அச்சு, செலவு, கால அளவு

யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை ஆய்வேடுகளில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. பல கல்லூரிகள் அந்த அளவையே இன்டர்ன்ஷிப் அறிக்கைக்கும் வைத்திருக்கின்றன. மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. சோதனைக்கு அனுப்பும்போது அவற்றை விலக்கியிருக்கிறார்களா என்று நூலகத்தில் கேளுங்கள். எண் கூடுவதற்குக் காரணம் அநேகமாக முதல் இரண்டு அத்தியாயங்களாகவே இருக்கும்: நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த அறிமுகமும் பாடப்புத்தக விளக்கமும். மேலே சொன்னபடி அவற்றைச் சுருக்கினால் இந்தத் தொல்லையும் சேர்ந்தே போய்விடும்.

பிரதிகள் மூன்று அல்லது நான்கு கேட்பார்கள்: துறைக்கு, வழிகாட்டிக்கு, ஆலைக்கு, உங்களுக்கு. கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய், வண்ணப் பக்கத்துக்கு அதைப் போல் பல மடங்கு. எனவே வரைபடங்களைக் கோட்டு வகையால் வேறுபடுத்தி, கறுப்பு வெள்ளையிலேயே தெளிவாகத் தெரியும்படி போடுங்கள். செலவில் பெரும்பகுதி கெட்டி அட்டை பைண்டிங்குக்குத்தான் போகும். துறை கேட்கும் பிரதிக்கு மட்டும் கெட்டி அட்டை போட்டு, மற்றவற்றுக்கு ஸ்பைரல் போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசி வாரத்தில் கல்லூரி வாசலில் உள்ள கடைகளில் கூட்டம் குவியும், கெட்டி அட்டைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் போனஃபைடு பக்கத்தில் வழிகாட்டி, துறைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வாங்கியாக வேண்டுமா, பின்னால் போதுமா என்று அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், வரைவு முடிக்க மூன்று வாரம் முன்பு, வழிகாட்டியின் திருத்தத்துக்கும் ஆலையின் ஒப்புதலுக்கும் ஒன்றரை வாரம், சோதனைக்கும் அச்சுக்கும் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. வாய்மொழித் தேர்வு

பத்து நிமிடப் பேச்சு, பிறகு கேள்விகள். ஸ்லைடுகளில் நிறுவனத்துக்கு ஒன்று, உங்கள் வேலைக்கு இரண்டு, ஆய்வுக்கு ஐந்து என்று பிரியுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அறிக்கையில் நீங்களே எழுதிய சொல்லிலிருந்து பிறக்கும். டிராவலர் என்று எழுதியிருந்தால் அது எதற்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், ஏன் தேய்கிறது என்று கேட்பார்கள். விளக்க முடியாத சொல் ஒன்றுகூட அறிக்கையில் இருக்க வேண்டாம்.

தவறாமல் வருபவை மூன்று. இதை நீங்களே அளந்தீர்களா, ஆலை கொடுத்த எண்ணா? வகுப்பில் படித்ததில் எது இங்கே பொருந்தியது, எது பொருந்தவில்லை? உங்கள் பரிந்துரைக்கு ஆலை என்ன சொன்னது? முதல் கேள்விக்கு மூலப் பதிவுத் தாளையே எடுத்து நீட்டுங்கள். எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலும் உள்ள அந்தத் தாளுக்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆலை கொடுத்த எண் என்றால் அப்படியே சொல்லுங்கள். அட்டவணையின் கீழேயும் அதைக் குறித்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு, பராமரிப்புப் பிரிவு ஏற்கவில்லை என்றாலும் அவர்கள் சொன்ன காரணத்தோடு சொல்லலாம். "உதிரிபாகம் இருப்பில் இல்லை, அடுத்த பெரிய பராமரிப்பில் மாற்றுவதாகச் சொன்னார்கள்" என்பது முழுமையான பதில்.

தேர்வறைக்கு அறிக்கையின் உங்கள் பிரதி, கையெழுத்திட்ட நாட்குறிப்பு, மூலப் பதிவுத் தாள்கள், சான்றிதழ்களின் அசல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சான்றிதழ்களை மதிப்பெண் பட்டியலோடு இணைத்து அனுப்பிவிடுவார்கள், அசல் திரும்ப உங்கள் கைக்கு வராமல் போகலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே சான்றிதழைக் கேட்பார்கள் என்பதால், ஒப்படைக்கும் முன் நல்ல ஸ்கேன் ஒன்றும், துறைத் தலைவரின் சான்றொப்பம் பெற்ற நகல் இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.